நான்காவது புள்ளி

அந்தக் கடிதத்தை நான் எழுதியிருந்தால் நாலு வரியில் முடிந்திருக்கும். முதல் வரியில் ஐயா, இரண்டாவதில் உங்கள் மானிட்டர் உருப்படியாக இல்லை, மூன்றாவதில் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், நாலாவதில் நுகர்வோர் நீதிமன்றம். எழுதியது நானில்லை, என் அக்கா. அவள் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அதில் ஓரிடத்தில்கூடக் கோபம் இல்லை. கோபப்படுவதற்கு வீட்டில் ஒருத்தி போதும் என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

நான் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர்களின் எரிச்சலைப் படித்துச் சம்பளம் வாங்குகிறேன். எந்தக் கடிதம் மேலே போகும், எது தட்டின் அடியிலேயே கிடந்து மக்கும் என்று உறையைத் தொட்டாலே சொல்லிவிடுவேன். அலுவலகத்தில் எனக்குச் சண்டைக்காரி என்று பெயர். மறைவில்தான் சொல்கிறார்கள், ஆனால் கதவு மெல்லிசு.

அக்கா வேறு மாதிரி. அவளுக்கும் எனக்கும் நாலு வயது வித்தியாசம், ஆனால் அவள் எந்த வயதில் இருக்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது. ஸ்டூடியோக்காரர் எடுக்கும் கல்யாணப் படங்கள் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வரும். அக்கா உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகத் துடைப்பாள். பரு, வியர்வை, கண்ணுக்குக் கீழே கருப்பு, நெற்றியில் ஃபிளாஷ் அடித்த வெள்ளைத் திட்டு, பின்னால் நிற்கிற மாமாவின் கொட்டாவி, எல்லாவற்றுக்கும் அவளிடம் வைத்தியம் உண்டு. மச்சத்தை மட்டும் தொடமாட்டாள். "பரு ஒரு வாரத்துல போயிடும், மச்சம் ஆளோட பொறந்தது" என்பாள். ஸ்டூடியோவில் அவளுக்குப் பரு அக்கா என்று பெயர். இருபத்தாறு வருஷம். ஊரில் பாதிப் பேருடைய கன்னம் அவள் கைபட்டதுதான்.

அவளோடு கடைத்தெருவுக்குப் போவது பெரிய இம்சை. எதிரே வருகிற யாரையாவது பார்த்து உருகிப்போய்ச் சிரிப்பாள். அவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். "யாருக்கா அது?" என்று நான் கேட்டால், "பேர் தெரியாது. இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும் பாரு, அதை அப்படியே விட்டேன்" என்பாள். அவளுக்கு அவர்களை மூன்று நாள் தெரியும், அவர்களுக்கு இவளைத் தெரியவே தெரியாது. அந்த ஒருபக்க உறவே அவளுக்குப் போதுமாக இருந்தது. எனக்கு ஒரு கல்யாணம் ஆகி முடிந்தது, அவளுக்கு ஆகவே இல்லை. ஆயிரம் கல்யாணத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்த பிறகு சொந்தமாக ஒன்று எதற்கு என்று நினைத்தாளோ என்னவோ.

அவள் அறை சாம்பல் நிறம். சுவர், திரைச்சீலை, மேசை, எல்லாமே. சுவரில் வேறு நிறம் இருந்தால் அது கண்ணில் ஒட்டிக்கொண்டு படத்தின் நிறத்தைக் கெடுக்கும் என்று அவளே சாயம் அடித்தாள். வெயில் அதற்குள் வராது. பகல் பதினோரு மணிக்கு அந்தக் கதவைத் திறந்தால் மழை மேகத்துக்குள் காலை வைத்தது மாதிரி இருக்கும். நடுவில் ஒரு முகம் மட்டும் வெளிச்சமாக மிதக்கும். யாரோ ஒரு மணப்பெண்ணின் முகம். அதன் முன்னால் அக்காவின் தலை, அசையாமல். நான் காபியை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிடுவேன். அந்த அறையில் எனக்கே கத்தத் தோன்றாது.

பழைய மானிட்டர் பத்து வருஷம் உழைத்துக் கண்ணை மூடியது. சீட்டுப் பணம் எடுத்து அக்கா புதிதாக ஒன்று வாங்கினாள். இருபத்தேழு அங்குலம், பெரிய கடை, ஒரு மாதத்துக்குள் குறை இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்று பில்லில் அச்சடித்திருந்தது. வந்த முதல் வாரம் அதைப் புது மருமகள் மாதிரி பார்த்துக்கொண்டாள். மூன்றாவது வாரத்தில் பேச்சு குறைந்தது. சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். சில சமயம் தலையை மெல்ல இடதும் வலதுமாகத் திருப்பினாள், எதையோ கண்ணால் தொடர்வது போல.

"என்னக்கா, கழுத்து வலியா?"

"ஒண்ணுமில்லடி."

ஒன்றுமில்லை என்றால் என்னமோ இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் எனக்கு அந்த வாரம் அலுவலகத்தில் குழாய் உடைந்த பஞ்சாயத்து. விட்டுவிட்டேன்.

அப்புறம் ஸ்டூடியோக்காரர் வந்தார். பொதுவாக ஆளனுப்புவார், அன்று தானே வந்தார். கையில் அச்சடித்த கல்யாண ஆல்பம். மேசையில் விரித்து வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் இடது கீழ் மூலை மட்டும் இருண்டு கிடந்தது. மணமேடையில் இருட்டு, சாப்பாட்டுப் பந்தியில் இருட்டு, வெளியே வெயிலில் எடுத்த படத்தில்கூட அந்த மூலையில் மட்டும் பொழுது சாய்ந்திருந்தது.

"பெண் வீட்டுல கேக்கறாங்கக்கா, எங்க வீட்டுக் கல்யாணத்துல மூலையில யாரு நிழல்னு. நான் என்ன சொல்ல?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஒரு கை பார்த்திருப்பேன். மனுஷர் தயங்கித் தயங்கி, மிக மரியாதையாகச் சொன்னார். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்குங்களேன். கண்ணையும் ஒருதரம் காட்டிடுங்க."

அக்கா தலையை ஆட்டினாள். அவர் போனதும் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் கண் என்கிற சொல்லைச் சாதாரணமாகச் சொல்ல முடியாது. அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் பார்வை போனது. ஒருநாள் சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "என்னமோ பூச்சி பறக்குது" என்றார். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். மறுநாளும் சொன்னார். கொசுவத்தி ஏற்றினேன். மூன்று வாரம் கழித்து, ஒரு திரை இறங்குகிற மாதிரி இருக்கிறது என்றார். அதற்குள் விழித்திரை கழன்றுவிட்டது, ஒட்ட முடியவில்லை. அடுத்த வருஷமே இன்னொரு கண்ணும் அதே வழியில் போனது. அப்பா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு. அக்காவுக்கு இப்போது ஐம்பத்தொன்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு துடைக்கிற முறை என்னுடையது. அக்கா குளிக்கப் போயிருந்தாள். மானிட்டரில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்திருந்தது. நடுவுக்குச் சற்று இடப்பக்கம் எறும்பின் தலை அளவுகூட இல்லாத ஒரு கறுப்பு. மூக்குக்கண்ணாடித் துணியை எடுத்துத் துடைத்தேன். போகவில்லை. வாயால் ஊதித் துடைத்தேன். நகத்தால் மெல்லச் சுரண்டினேன். ஊஹூம்.

ஈரத்தலையோடு அக்கா வந்தாள். நான் திட்டிக்கொண்டிருந்தேன். "என்ன கண்றாவி அழுக்கு இது, போகவே மாட்டேங்குது!"

அவள் அப்படியே நின்றாள். "எங்க?"

"இதோ, இங்க. கறுப்பா."

"உனக்கும் தெரியுதாடி?"

"தெரியாம? எனக்கென்ன கண்ணா அவிஞ்சுபோச்சு?" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அக்கா அதைக் காதில் வாங்கவே இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தலையில் சுற்றியிருந்த துண்டு அவிழ்ந்து விழுந்தது. அப்படி அழுது நான் பார்த்ததில்லை, அப்பா போனபோதுகூட.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. இரண்டு வாரமாகக் கண்ணில் ஒரு புள்ளி மிதக்கிற மாதிரி இருந்ததாம். அப்புறம் முகங்களின் மேல் புள்ளிகள் தெரிந்தன. ஒரு மாப்பிள்ளையின் கன்னத்தில் இருந்த புள்ளியை ஒன்பது தடவை அழித்தும் அது போகவில்லை, படத்தை நகர்த்தினால் அது அடுத்தவர் கன்னத்துக்குப் போய்விட்டது. அதோடு மூலையில் வெளுப்பு. எல்லாம் கண்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். எல்லாப் படத்திலும் அந்த மூலையை இருட்டாக்கிச் சரிசெய்தாள். இத்தனை வருஷத் தொழில்காரி, ஒரு நிமிஷம் சோதித்தால் குறை கண்ணிலா திரையிலா என்று தெரிந்துவிடும்.

"ஏன்க்கா சோதிக்கல?"

"சோதிச்சா தெரிஞ்சுடுமே" என்றாள்.

அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் பாலே இல்லை.

அன்று மத்தியானம் இரண்டு பேரும் பின்னறை ஜன்னலைப் போர்வையால் மூடினோம். கதவிடுக்கில் துண்டைத் திணித்தோம். அக்கா மானிட்டரை அரை மணி நேரம் எரியவிட்டாள். சூடேறிய பிறகுதான் அது தன் சுயரூபத்தைக் காட்டுமாம். பிறகு திரை முழுவதையும் கறுப்பாக்கினாள்.

வெளியே உச்சி வெயில், பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம். உள்ளே நாங்கள் கும்மிருட்டில் தரையில் உட்கார்ந்திருந்தோம். கண் பழகப் பழக அந்தக் கறுப்பு முழுக் கறுப்பில்லை என்று தெரிந்தது. இடது கீழ் மூலையில் மங்கலாக, மஞ்சளாக, அடிவானத்துக்குக் கீழே சூரியன் காத்திருப்பது போல ஒரு வெளிச்சம் கசிந்தது. சற்று மேலே ஒற்றைப் பச்சைப் பொட்டு, துளியூண்டு, அணையாமல் எரிந்தது.

"விடியுது பாரு" என்றாள் அக்கா. குரலில் சிரிப்பு.

"விடியட்டும், விடியட்டும். கடைக்காரனுக்குப் பொழுது சாயப்போவுது" என்றேன்.

அக்கா எழுந்து அறையில் நடந்தாள். இடது ஓரம், வலது ஓரம், கதவருகே. எங்கே நின்றாலும் அந்த விடியல் அங்கேயே இருந்தது. பிறகு எலி மாதிரி வாலுள்ள அவளுடைய அளவுகருவியை எடுத்தாள். மானிட்டரின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிபார்க்க மாதாமாதம் அதைத் திரையில் ஒட்டவைப்பாள், ஆனால் எப்போதும் நடுவில்தான். நடு சரியாகவே இருந்தது, அதனால்தான் தன் கண்ணைச் சந்தேகப்பட்டாள். இப்போது வெள்ளைத் திரையில் ஒன்பது இடங்களில் வைத்து அளந்தாள். நான் எழுதிக்கொண்டேன். உண்மையாகவே அது ஒரு நல்ல மத்தியானம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாகக் கட்டிலுக்கு அடியில் போர்வை கட்டி ஒளிந்த மாதிரி இருந்தது.

உத்தரவாத அட்டையைப் படித்தது நான்தான், அது என் தொழில். பொடி எழுத்தில் ஒரு வரி: மூன்று புள்ளிகள் வரை குறையாகக் கருதப்படாது.

"எத்தனை இருக்கு?"

"கறுப்பு ரெண்டு, ஒட்டிப் பொறந்த மாதிரி பக்கத்துல பக்கத்துல. பச்சை ஒண்ணு." நிறுத்தினாள். "நாலாவதா ஒண்ணு இருக்கு. ஆனா அது சமயத்துல தெரியுது, சமயத்துல தெரியல. இடம் குறிக்க முடியல."

"போடு அதையும்!"

"குறிக்க முடியாததை எப்படிடி..."

"நாலு இருந்தாதான் கணக்கு. போடுன்னா போடு."

எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் கோப்பு நகரும். என் மூளை அந்த வழியில்தான் ஓடும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

அக்கா அன்று சாயங்காலமே கடிதத்தை எழுதினாள்.

"பொருள்: உங்கள் கடையில் வாங்கிய 27 அங்குல மானிட்டரைத் திருப்பித் தருவது குறித்து.

வணக்கம். இருபத்தாறு நாள்களுக்கு முன் வாங்கிய மானிட்டரில் இரண்டு வகைக் குறைகள் உள்ளன. பில் நகல் இணைத்திருக்கிறேன்.

முதலாவது, பின்வெளிச்சம் சமமாக இல்லை. அறையை இருட்டாக்கி, அரை மணி நேரம் எரியவிட்டு, முழுக் கறுப்புத் திரையில் பார்த்தேன். இடது கீழ் மூலையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் கலந்த வெளிச்சம் கசிகிறது. இவ்வகைத் திரைகளில் மூலைகள் சற்று வெளுத்துத் தெரிவது இயல்பு என்று அறிவேன். அந்த வெளுப்பு பார்ப்பவர் நகர்ந்தால் மாறும், தள்ளி நின்றால் குறையும். இது மாறவில்லை, குறையவில்லை. வெள்ளைத் திரையில் கருவியால் வெளிச்சத்தை அளந்தபோது நடுவில் 120 நிட், வலது மேல் மூலையில் 97, இடது கீழ் மூலையில் 149 இருந்தது. மற்ற ஆறு அளவுகள் தனித்தாளில் உள்ளன. புகைப்படமும் வைத்திருக்கிறேன். ஃபோன் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறையைப் பெரிதாகக் காட்டும் என்பதால், கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைத்தே எடுத்திருக்கிறேன்.

இரண்டாவது, செத்த புள்ளிகள். இடமிருந்து 1118, மேலிருந்து 640 என்ற இடத்தில் ஒன்று, அதை ஒட்டி 1119, 640 இல் இன்னொன்று. இரண்டும் எந்த நிறத்திலும் கறுப்பாகவே இருக்கின்றன. இடமிருந்து 402, மேலிருந்து 1203 இல் உள்ள புள்ளி கறுப்புத் திரையிலும் பச்சையாக எரிகிறது. படத்தை நகர்த்தினாலும் இவை நகரவில்லை. கணினியிலேயே திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து என் ஃபோனில் திறந்து பார்த்தேன், அதில் இவை இல்லை. எனவே குறை படத்தில் இல்லை, திரையில்தான். நான்காவது புள்ளி ஒன்று வலது மேல் பகுதியில் மங்கலாகத் தெரிகிறது. அதன் இடத்தை என்னால் உறுதியாகக் குறிக்க முடியவில்லை.

நான் படங்களைத் திருத்தும் தொழில் செய்கிறேன். இந்தத் திரையை நம்பி ஒரு திருமண ஆல்பம் முழுவதையும் கெடுத்துவிட்டேன். மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

படித்துவிட்டு, "ஒரு இடத்துலயாவது மிரட்டக் கூடாதா?" என்றேன்.

"எதுக்கு? அவங்களா செஞ்சாங்க மானிட்டரை?"

மறுநாள் விடுப்பு எடுத்தேன். பெட்டியை ஆட்டோவில் எங்கள் இருவருக்கும் நடுவில் குழந்தை மாதிரி உட்காரவைத்துக் கொண்டுபோனோம். கடை முழுக்க வெளிச்சம், கூரையிலிருந்து தரைவரை. மேனேஜர் பெட்டியைத் திறந்து, ஒயரை மாட்டி, எட்டிப் பார்த்து, "ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார்.

"எப்படித் தெரியும்? கல்யாண மண்டபம் மாதிரி லைட் போட்டு வெச்சிருக்கீங்க" என்று நான் ஆரம்பித்தேன். அக்காவைப் பார்த்தேன். அவள் முகம் வெளிறியிருந்தது. ஒன்றும் தெரியலையே என்ற அந்தச் சொல் அவளை நேராக அடித்துவிட்டது. திரையை இல்லை, தன் கண்ணைத்தான் அவர் சொன்னார் என்று நினைத்துவிட்டாள்.

அப்போதுதான் சர்வீஸ் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், நீலக் கோட்டு, பாக்கெட்டில் ஸ்குரூ டிரைவர். கடிதத்தை வாங்கி நின்ற நிலையிலேயே முழுவதும் படித்தாள். ஒருமுறை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். "கோடவுனுக்கு வாங்க. அங்க லைட்டை அணைக்கலாம்" என்றாள்.

கோடவுனில் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. கதவைச் சாத்தி விளக்கை அணைத்ததும் அட்டைப் பெட்டி வாசனை மட்டும் மிஞ்சியது. அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று கடிதத்தில் இருந்ததால் அரை மணி நேரம் காத்திருந்தோம். மேனேஜரும்தான், வேறு வழியில்லாமல். அந்த இருட்டில் யார் மேனேஜர், யார் புகார்தாரர் என்றெல்லாம் இல்லை, ஏதோ ஒரு விடியலுக்காக மொட்டைமாடியில் படுத்திருக்கிறவர்கள் மாதிரி இருந்தோம். பிறகு சர்வீஸ் பெண் திரையைக் கறுப்பாக்கினாள். இடது கீழ் மூலையில் மெல்ல அது வந்தது.

"அட!" என்றார் மேனேஜர். தன்னை மீறிச் சொல்லிவிட்டார்.

"பேனல் அந்த ஓரத்துல அழுந்தியிருக்கு சார். லேசா இல்ல, நல்லாவே கசியுது" என்றாள் சர்வீஸ் பெண். பிறகு ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, ஃபோன் வெளிச்சத்தில் கடிதத்தைப் பார்த்து, எண்களைத் திரையில் தேடினாள். பச்சை இருந்தது. திரையை வெள்ளையாக்கினாள். கறுப்பு இரண்டும் சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்தன. அக்கா மூச்சை விடுவது எனக்குக் கேட்டது.

"மூணு" என்றாள் அந்தப் பெண். வலது மேல் பகுதியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் மாற்றிப் பார்த்தாள். "நாலாவது இல்லங்க."

"மூணு வரைக்கும் கம்பெனி கணக்குல எடுக்காதே" என்றார் மேனேஜர்.

எனக்கு வந்ததே கோபம். "அது எப்படி இல்லாம போகும்? எங்கக்கா இருக்குன்னா இருக்கும்! இருபத்தாறு வருஷமா புள்ளி பார்க்கிறவ. மூணைச் சரியா சொன்னவ நாலாவதை மட்டும் பொய்யா சொல்லுவாளா? நல்லாத் தேடுங்க!"

"இருக்கு. இப்பக்கூடத் தெரியுது" என்றாள் அக்கா மெதுவாக. "இதோ, இப்ப கொஞ்சம் கீழ இறங்கிடுச்சு."

சர்வீஸ் பெண் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"திரையில இருக்கிற புள்ளி நகராதுங்க" என்றாள். பிறகு, ரொம்பத் தாழ்ந்த குரலில், "ஒரு கண்ணை மூடிப் பாருங்களேன்" என்றாள்.

அக்கா இடது கண்ணை மூடினாள். "இருக்கு." பிறகு வலது கண்ணைக் கையால் பொத்தினாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். அந்த வெள்ளைத் திரை வெளிச்சத்தில் அவள் முகம் அவள் திருத்துகிற முகங்களில் ஒன்று மாதிரி மிதந்தது.

"இல்ல" என்றாள்.

என் காதில் கேட்டது அப்பாவின் குரல். என்னமோ பூச்சி பறக்குது. நான் மறுபடியும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன். போடு அதையும் என்றேனே, போடு அதையும்! ஒரு மானிட்டருக்காக.

மானிட்டரை அங்கேயே போட்டுவிட்டு அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். "பில்லு, பில்லு" என்றாள் அவள். "எழவு பில்லு" என்றேன். ஆட்டோவில் ஏறியபிறகு அவள் சொன்னாள்: "ஓரத்துல அப்பப்ப மின்னல் மாதிரி வெட்டும்டி. அதையும் அந்த மூலை வெளிச்சம்னே நெனச்சேன்." நான் அவள் கையை விடவே இல்லை. கண் ஆஸ்பத்திரி வருவதற்குள் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் திட்டி முடித்தேன்.

சொட்டுமருந்து விட்டுக் கண்பாவையை விரியவைத்து, தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு டாக்டரம்மா பார்த்தார். வலது கண்ணில், விழித்திரையின் மேல் ஓரத்தில் சின்னக் கிழிசல். இன்னும் கழலவில்லை. அன்று சாயங்காலமே லேசர் வைத்துக் கிழிசலைச் சுற்றி அடைத்துவிட்டார்கள், துணி பிரியாமல் ஓரம் தைப்பது போல. எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், எப்படி நகருகிறது என்று அவர் கேட்டதற்கெல்லாம் அக்கா பதில் சொன்ன விதத்தைப் பார்த்து, "இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல" என்றார். பிறகு, "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கஷ்டம்மா" என்றார். நான் வெளியே போய்க் கழிப்பறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குடிநீர் வாரியத்தில் வேலை பார்ப்பவள் தண்ணீரை அப்படி வீணாக்கியிருக்கக் கூடாது.

அந்தப் புள்ளி போகவில்லை. கிழிசல்தான் அடைபட்டது, மிதக்கிறது மிதந்துகொண்டேதான் இருக்கும், பழகிக்கொள்ளுங்கள் என்றார்கள். இடது கண்ணையும் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும். என்னையும் உட்காரவைத்துப் பார்த்தார்கள்.

நாலாம் நாள் கடையிலிருந்து ஃபோன். புள்ளிக்காக இல்லை, மூலை வெளிச்சத்துக்காக மாற்றித் தருகிறோம் என்றார்கள். சர்வீஸ் பெண்ணே புது மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டினாள். மாட்டும்முன் கோடவுனில் வைத்து ஒன்பது இடமும் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, "கண்ணு?" என்று கேட்டாள். அக்கா கட்டைவிரலைக் காட்டினாள். ஸ்டூடியோக்காரரின் ஆல்பத்தை முதலிலிருந்து மறுபடி செய்தாள், கூலி வாங்காமல். மூலைகளில் எல்லாம் பகல் திரும்பி வந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு உறையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "போற வழியில தபால்ல போட்டுடு." கடை முகவரி. உறை ஒட்டியிருக்கவில்லை, ஒட்டாத உறையைப் படிக்காமல் விட எனக்குத் தெரியாது.

"வணக்கம். மாற்றித் தந்த மானிட்டர் நன்றாக இருக்கிறது. என் முந்தைய கடிதத்தில் ஒரு பிழை. அதில் நான்கு புள்ளிகள் என்று எழுதியிருந்தேன். உங்கள் மானிட்டரில் மூன்றுதான் இருந்தன. நான்காவது என்னுடையது. அந்தப் புகாரை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அது இல்லை என்று சொன்ன உங்கள் சர்வீஸ் பெண்ணுக்கு என் நன்றியைச் சொல்லவும்."

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் புகார் படித்திருப்பேன். கொடுத்த புகாரைத் தானாகத் திரும்பக் கேட்டு ஒருவரும் எழுதியதில்லை.

"இதையெல்லாம் யாராவது அனுப்புவாங்களாக்கா?"

"தப்பை அவங்க தலையில வெச்சுட்டு எப்படிடி இருக்கறது" என்றாள். பிறகு தலையை மெல்லச் சாய்த்து, என் முகத்துக்கும் சுவருக்கும் நடுவில் எதையோ கண்ணால் தொடர்ந்தாள்.

"என்னக்கா, பறக்குதா?"

"ம். உன் மூக்கு மேல உக்காந்திருக்கு."

நான் ஜன்னலைச் சாத்தவில்லை. எங்கே, எந்தக் கண்ணில், ஒன்றா இரண்டா, நேற்றைவிடப் பெரிதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, காலண்டரில் தேதி போட்டு எழுதிவைத்தேன். பிறகு கடிதத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.